விங்ஸ்பேன்: 26 டர்னில் எப்போது வளர்ப்பது, எப்போது அறுவடை செய்வது

ஸ்ப்ளெண்டர் மாதிரி கேம்களில் யாராவது 15 பாயிண்ட் தொட்டால்தான் ஆட்டம் முடிவுக்கு வரும். எதிராளி எவ்வளவு வேகம் என்று பார்த்து நம் வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். விங்ஸ்பேனில் அதற்கு இடமில்லை. எலிசபெத் ஹார்கிரேவ் வடிவமைத்து 2019இல் வந்த, பறவைக் கார்டுகளைப் போர்டில் அடுக்கி ஆடும் இந்த கேமில் மொத்தம் நான்கு ரவுண்டு. முதல் ரவுண்டில் 8 டர்ன், அடுத்ததில் 7, பிறகு 6, கடைசியில் 5. டர்னுக்கு ஒன்று வீதம் பயன்படும் கட்டைகளில் ஒன்று ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் ரவுண்டு இலக்குப் பலகைக்குப் போய்விடுவதால் டர்ன் குறைகிறது. ஆக மொத்தம் 26. யார் என்ன செய்தாலும் 27ஆவது டர்ன் கிடையாது.

பறவைகளை அடுக்கிக் கட்டும் இன்ஜின் வலுவாகிக்கொண்டே போக, அதை ஓட்டக் கிடைக்கும் டர்ன் குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் இங்கே சிக்கல். பலரும் "முதல் பாதி வளர்ப்பு, இரண்டாம் பாதி பாயிண்ட்" என்று பொத்தாம்பொதுவாகப் பிரிக்கிறார்கள். அது சரியல்ல. உணவு தரும் காடு, முட்டை தரும் புல்வெளி, கார்டு தரும் ஈரநிலம் என்ற மூன்று வரிசைகளும் ஒரே நேரத்தில் காலாவதி ஆவதில்லை. எந்த வரிசையில் எப்போது முதலீட்டை நிறுத்துவது என்பதைத்தான் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம். எல்லாமே அடிப்படைப் பெட்டியில் வரும் போர்டை வைத்துத்தான். ஓஷியானியா விரிவாக்கத்தைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி.

முதலில் ஒரு டர்னுக்கு விலை போடுங்கள்

புல்வெளியில் பறவையே இல்லாதபோது முட்டை இட்டால் 2 முட்டை. ஒரு பறவை இருந்தாலும் 2தான். ஆனால் ஒரு உணவைக் கொடுத்து இன்னொரு முட்டை வாங்கலாம். இரண்டு பறவை இருந்தால் 3, நான்கு இருந்தால் 4. கடைசியில் ஒரு முட்டை ஒரு பாயிண்ட். அதாவது ஆட்டத்தின் முதல் டர்னை நேராகப் பாயிண்டாக மாற்றினால் (முட்டை வைக்க ஒரு பறவை இருப்பதாகக் கொண்டால்) 2 பாயிண்ட். அதே வேலையை கடைசி ரவுண்டில், நான்கு பறவையும், வரிசை ஓடும்போதெல்லாம் வேலை செய்து முட்டை கூட்டித் தரும் ஒரு பிரவுன் பவரும் இருக்கும்போது செய்தால் 5 பாயிண்ட்.

முதல் ரவுண்டில் முட்டையைப் பாயிண்டுக்காகக் குவிப்பது ஏன் நட்டம் என்பதற்கு இதுவே போதும். ஐந்து பாயிண்டுக்கு விற்கக்கூடிய சரக்கை இரண்டுக்கு விற்கிறீர்கள். முதல் ரவுண்டில் முட்டை என்பது பறவையை இரண்டாவது, மூன்றாவது நெடுவரிசையில் வைக்கக் கொடுக்கும் காசு மட்டுமே. முதல் நெடுவரிசைக்கு முட்டை வேண்டாம்; இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஒன்று; நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இரண்டு.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. இரண்டாம் ரவுண்டில் ஒரு டர்னின் விலை சுமார் 4 பாயிண்ட் என்றும், கடைசி ரவுண்டில் 5 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் புல்வெளி பலவீனமாக இருந்தால் ஒன்று குறையும், அவ்வளவுதான். இனி எந்தப் பறவையைக் கையில் எடுத்தாலும் இந்த விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒரு பறவைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது

கார்டில் இரண்டு உணவுச் சின்னம் போட்டிருந்தால் அதன் விலை இரண்டு உணவு என்று நினைப்பது இயல்பு. ஆனால் நீங்கள் கொடுப்பது டர்ன். பறவையை வைக்க ஒரு டர்ன். அந்த இரண்டு உணவைத் திரட்ட, காடு ஓரளவு தேறியிருந்தால் அரை டர்ன் முதல் ஒரு டர்ன் வரை. மேலே ஒரு முட்டை. இரண்டாம் ரவுண்டில் இதைப் பாயிண்டாக மாற்றினால்: ஒன்றரை டர்ன் × 4 = 6, முட்டைக்கு 1, மொத்தம் 7.

அந்தப் பறவையின் முகமதிப்பு, அதாவது கார்டில் போட்டிருக்கும் பாயிண்ட், 3 என்றும், புல்வெளி ஓடும் ஒவ்வொரு முறையும் ஒரு பாயிண்ட் தரும் பிரவுன் பவர் அதற்கு உண்டு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முட்டை கூடுதலாக இடுவதோ, கையில் உள்ள ஒரு கார்டைத் தனக்குக் கீழே செருகிவிட்டு வேறொன்றை எடுப்பதோ, எதுவானாலும் சரி. 7இல் 3 போக மிச்சம் 4. ஆகவே அந்த வரிசையை இன்னும் நான்கு முறை ஓட்டினால்தான் முதல் தேறும். ஐந்தாவது முறையிலிருந்துதான் லாபம்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: "இது நல்ல பறவையா?" இல்லை. "இந்த வரிசையை இன்னும் எத்தனை முறை ஓட்டுவேன்?" இதற்கு எண்ணில் பதில் சொல்லுங்கள். முதல் ரவுண்டு முடிந்தபின் 18 டர்ன் மிச்சம். இரண்டாவது முடிந்தபின் 11. மூன்றாவது முடிந்தபின் 5. மூன்றாம் ரவுண்டின் தொடக்கத்தில் நிற்கிறீர்கள் என்றால், அந்த 11இல் பறவை வைக்க நான்கு போகும், மிச்சம் ஏழு. அந்த ஏழில் புல்வெளிக்கு நான்கோ ஐந்தோ, காட்டுக்கு ஒன்றோ இரண்டோ, ஈரநிலத்துக்கு ஒன்று.

இதே கணக்கு மூன்று வரிசைக்கும் வெவ்வேறு தேதி சொல்வதைக் கவனியுங்கள். மூன்றாம் ரவுண்டின் தொடக்கத்தில் புல்வெளியில் வைக்கும் பிரவுன் பறவை முதலைத் திருப்பித் தருகிறது. அதே நேரத்தில் காட்டில் வைக்கும் பிரவுன் பறவை ஒன்றிரண்டு முறைதான் ஓடும். அது தரும் உணவை வைத்து வாங்க டர்னும் இருக்காது. முதலில் சாவது காடு. பிறகு ஈரநிலம். கடைசி டர்ன்வரை உயிரோடு இருப்பது புல்வெளி மட்டும்.

ஆகவே உணவு தரும் பிரவுன் பறவைகளை முதல் ரவுண்டிலேயே வைத்துவிடுங்கள். அதிகம் போனால் இரண்டாம் ரவுண்டின் முதல் இரண்டு டர்ன். கார்டு தரும் பறவைகளுக்கு இரண்டாம் ரவுண்டு முழுதும் நேரம் உண்டு. முட்டை தரும் பறவைகளை மூன்றாம் ரவுண்டின் நடுப்பகுதிவரை வைக்கலாம். அதற்குப் பிறகு காட்டில் ஒரு பறவை வைப்பதென்றால் அதன் முகமதிப்புக்காகவும் முட்டை வைக்கும் இடத்துக்காகவும் மட்டுமே வைக்க வேண்டும்.

முதல் ரவுண்டை டர்ன் டர்னாகப் பார்ப்போம்

தொடக்கத்தில் ஐந்து பறவைக் கார்டும், புழு, தானியம், மீன், பழம், எலி என்று ஐந்து உணவும் கிடைக்கும். வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு உணவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று கார்டு, இரண்டு உணவு என்பது பாதுகாப்பான பிரிப்பு. கார்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது பாயிண்டைப் பார்க்காதீர்கள். ஒரே வகை உணவில் ஓடும் மலிவான பறவைகளாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏழு பாயிண்ட் போட்டு மூன்று உணவு கேட்கும் பறவையைத் தொடக்கக் கையில் வைத்துக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அதற்கான உணவைத் திரட்டவே மூன்று டர்ன் போய்விடும்.

இந்த உதாரணத்தில் நம் கையில் இருப்பவை இவை. ஒன்று, புழு ஒன்றுக்கு வாங்கும் காட்டுப் பறவை. ஓடும்போதெல்லாம் ஒரு தானியம் தரும். மூன்று முட்டை தாங்கும். இரண்டு, புழுவும் தானியமும் கேட்கும் புல்வெளிப் பறவை. ஓடும்போது ஏதாவது ஒரு பறவை மீது கூடுதலாக ஒரு முட்டை இடும். இரண்டு முட்டை தாங்கும். மூன்று, ஒரு தானியத்துக்கு வாங்கும் ஈரநிலப் பறவை. ஓடும்போது ஒரு கார்டு எடுக்கும். நான்கு முட்டை தாங்கும். கையில் வைத்திருக்கும் உணவு புழு ஒன்று, தானியம் ஒன்று.

முதல் டர்னில் புழுவைக் கொடுத்துக் காட்டுப் பறவையை வையுங்கள். இரண்டாவது டர்னில் உணவு எடுங்கள். காட்டில் ஒரு பறவைதான் என்பதால் பகடையிலிருந்து ஒன்றே கிடைக்கும், புழுவை எடுங்கள். பறவை தன் பங்குக்கு ஒரு தானியம் தரும். இப்போது இரண்டு தானியம், ஒரு புழு. மூன்றாவது டர்னில் புல்வெளிப் பறவை. மிச்சம் ஒரு தானியம். நான்காவது டர்னில் முட்டை: அடிப்படை இரண்டு, பறவை தருவது ஒன்று, ஆக மூன்று. ஐந்தாவது டர்னில் கடைசித் தானியத்தைக் கொடுத்து ஈரநிலப் பறவை. மூன்று வரிசையிலும் முதல் நெடுவரிசை என்பதால் இதுவரை முட்டை எதுவும் செலவாகவில்லை.

ஆறாவது டர்னில் கார்டு எடுங்கள். ஈரநிலத்தில் ஒரு பறவை இருந்தால் அடிப்படை ஒரு கார்டு, ஒரு முட்டை கொடுத்தால் இன்னொன்று, பறவை தருவது ஒன்று. ஒரே டர்னில் மூன்று கார்டு. முட்டை இரண்டாகக் குறையும். ஏழாவது டர்னில் உணவு: பகடையில் ஒன்று, பறவையிடம் ஒரு தானியம்.

எட்டாவது டர்னில்தான் கிளை பிரிகிறது. புதிதாக வந்த மூன்று கார்டில் இரண்டு உணவுக்கு வாங்கக்கூடிய, முகமதிப்பு 3 உள்ள புல்வெளிப் பறவை இருந்தால் ஒரு முட்டை கொடுத்து அதை இரண்டாவது நெடுவரிசையில் வைக்கலாம். ரவுண்டு முடிவில் நான்கு பறவை, ஒரு முட்டை, இரண்டு கார்டு. ஏழாவது, எட்டாவது டர்ன் இரண்டிலும் முட்டையே இட்டிருந்தால்? டர்னுக்கு மூன்று வீதம் ஆறு, ஏற்கெனவே உள்ள இரண்டு, மொத்தம் எட்டு முட்டை. தாங்கும் இடம் ஒன்பது என்பதால் இடப்பிரச்சினை இல்லை. அந்த நிமிடத்தில் பாயிண்டை எண்ணினால் முட்டைக்காரர் நான்கு பாயிண்ட் முன்னால் இருப்பார்: அவரிடம் கூடுதலாக ஏழு முட்டை, நம்மிடம் 3 பாயிண்ட் பறவை.

ஆனால் அவர் கையில் உணவு பூஜ்யம். எட்டு முட்டையும் பறவை வைக்க உதவும் காசுதான்; ஆனால் சாப்பாடு இல்லாமல் அந்தக் காசு செல்லாது. நம் புல்வெளி இனி ஒவ்வொரு முறையும் மூன்று முட்டையில் தொடங்கும், அவருடையது இரண்டில். மிச்ச ஆட்டத்தில் ஏழெட்டு முறை முட்டை இடப்போகிறோம் என்றால், அந்த ஒரு நெடுவரிசை மட்டுமே ஏழெட்டு முட்டை. புதுப் பறவைக்குப் பிரவுன் பவரும் இருந்தால் அது தனி. அவரும் அந்தப் பறவையைப் பிறகு வைப்பார்தான். ஆனால் அதற்குள் அந்த வரிசை இரண்டு மூன்று முறை குறைவாக ஓடியிருக்கும்.

பகடையில் புழு வராமல் போனால் இந்த வரிசை ஒரு டர்ன் பிசகும். அப்போது ஒரு பறவை மட்டும் உள்ள காட்டில் ஒரு கார்டைக் கொடுத்துக் கூடுதல் உணவு எடுக்கும் வசதி இருப்பதை மறந்துவிடாதீர்கள். பகடை எல்லாம் ஒரே முகம் காட்டினால் மறுபடி உருட்டும் உரிமையும் உண்டு.

ரவுண்டு இலக்குகள்: மூன்று பாயிண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள்

போட்டிப் பக்கம் உள்ள இலக்குப் பலகையில் முதல் ரவுண்டில் முதலிடத்துக்கு 4, இரண்டாமிடத்துக்கு 1. அடுத்து 5, 2. பிறகு 6, 3. கடைசியில் 7, 4. எண்கள் பெரிதாகிக்கொண்டே போனாலும் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளி நான்கு ரவுண்டிலும் மூன்றுதான். இரண்டு பேர் ஆடும்போது முதலிடத்துக்காகச் சண்டை போடுவது எப்போதும் மூன்று பாயிண்டுக்கான சண்டை.

ஒரு டர்னின் விலை 4 என்று முன்பே போட்டோம். எனவே இலக்குக்காக ஒரு முழு டர்னைத் திசைமாற்றினால் மேலோட்டமாகப் பார்க்கையிலேயே நட்டம். எப்படியும் வைக்கப்போகும் பறவையை எந்த வரிசையில் வைப்பது, எப்படியும் இடப்போகும் முட்டையை எந்தக் கூட்டில் வைப்பது என்ற அளவில் மட்டும் இலக்கைத் துரத்துங்கள். ஒன்றுகூட இல்லாமல் பூஜ்யத்தில் நிற்பதுதான் உண்மையான இழப்பு. கடைசி ரவுண்டில் இரண்டாமிடத்தின் 4 பாயிண்ட் ஒரே ஒரு முட்டைக்கோ ஒரே ஒரு பறவைக்கோ கிடைத்துவிடலாம்.

மூன்றாம் ரவுண்டின் கடைசி இரண்டு டர்ன்

ஆட்டம் பெரும்பாலும் தோற்கும் இடம் இது. நான்காம் ரவுண்டின் தொடக்கத்தில் நிற்கும் ஒருவரைப் பாருங்கள். புல்வெளியில் நான்கு பறவை, ஒரு முட்டைப் பவர். ஆக ஒரு முட்டை டர்னுக்கு 5. கையில் 9 பாயிண்ட் பறவை ஒன்று. மூன்று உணவு வேண்டும், நான்காவது நெடுவரிசை என்பதால் இரண்டு முட்டையும் வேண்டும்.

உணவு ஏற்கெனவே கையில் இருந்தால்: ஒரு டர்ன், 9 − 2 = 7 பாயிண்ட். முட்டை இட்டிருந்தால் 5. வையுங்கள், இரண்டு பாயிண்ட் லாபம்.

உணவு இல்லையென்றால்: காட்டுக்கு ஒரு டர்ன், அதுவும் பகடை ஒத்துழைத்தால். பறவைக்கு ஒரு டர்ன். இரண்டு டர்னுக்கு 7 பாயிண்ட். முட்டையாக இட்டிருந்தால் 10. மூன்று பாயிண்ட் நட்டம்.

பறவை அதேதான். உணவு எந்த ரவுண்டில் திரட்டப்பட்டது என்பதுதான் வித்தியாசம். அதனால் காட்டுக்குப் போகும் உங்கள் கடைசி டர்ன் மூன்றாம் ரவுண்டிலேயே வந்துவிட வேண்டும். நான்காம் ரவுண்டுக்குள் நுழையும்போது எந்த ஒன்றிரண்டு பறவையை வைக்கப் போகிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவற்றின் உணவு சரியாகக் கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருக்கும் உணவும் கார்டும் வீண்; கையில் மிஞ்சும் கார்டுக்கு ஒரு பாயிண்டும் கிடையாது, உணவு சமநிலையை உடைக்க மட்டுமே உதவும்.

தோராயமாக ஒரு பறவைக் கணக்கு வேண்டுமென்றால்: முதல் ரவுண்டில் நான்கு, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் மூன்று, கடைசியில் ஒன்றோ இரண்டோ. முதல் ரவுண்டில் இரண்டோடு நின்றால் பிறகு ஈடுகட்டுவது கஷ்டம்.

முட்டைக்கு இடம் இருக்கிறதா?

நான்காம் ரவுண்டின் ஐந்து டர்னையும் முட்டைக்கே கொடுக்கப் போகிறீர்கள், டர்னுக்கு 5 என்றால் 25 காலிக் கூடு வேண்டும். இதை மூன்றாம் ரவுண்டு முடியும்போதே எண்ணிவிடுங்கள். பத்துப் பறவை, சராசரி மூன்று முட்டை என்றால் மொத்த இடம் 30. ஏற்கெனவே பன்னிரண்டு முட்டை இருந்தால் காலி 18. நான்காவது டர்னில் ஐந்துக்குப் பதில் மூன்றுதான் வைக்க முடியும், கடைசி டர்னில் ஒன்றுகூட முடியாது. அப்போது கையில் உள்ள, ஐந்து ஆறு முட்டை தாங்கும் மலிவான பறவையை ரவுண்டின் முதல் டர்னிலேயே வைப்பது சரி. முகமதிப்பு 1 ஆனாலும் பரவாயில்லை. கடைசியில் வைத்தால் அந்தக் கூடு காலியாகவே நிற்கும்.

ஒன்றிரண்டு முட்டை மட்டும் தாங்கும் ஒன்பது பாயிண்ட் பறவைகளாகவே அடுக்கியவர்களுக்குத்தான் இந்த முட்டுக்கட்டை வரும். பார்க்க அழகான போர்டு. முட்டை வைக்க இடமிருக்காது.

எங்கே தவறினோம் என்று எப்படித் தெரியும்

ஆட்டம் முடிந்ததும் போர்டைக் கலைக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். கையில் நான்கைந்து கார்டும் ஒரு குவியல் உணவும் மிஞ்சியிருந்தால் வளர்ப்பை நிறுத்த மறந்திருக்கிறீர்கள். அநேகமாக காட்டையோ ஈரநிலத்தையோ ஒரு ரவுண்டு அதிகமாக ஓட்டியிருப்பீர்கள். மாறாக, எட்டுப் பறவைக்கு மேல் வைக்க முடியாமல், நடுவில் பல டர்ன் "ஒரு உணவு, ஒரு கார்டு" என்று நகர்ந்திருந்தால் முதல் ரவுண்டில் முட்டைக்கு ஆசைப்பட்டிருக்கிறீர்கள். மூன்றாவது அடையாளம் நுட்பமானது: பிரவுன் பறவைகள் மூன்று வரிசையிலும் சிதறியிருப்பது. ஒரு டர்னில் ஒரு வரிசைதான் ஓடும். ஆறு பிரவுன் பவரை இரண்டிரண்டாகப் பிரித்து வைத்தால் எந்த டர்னிலும் இரண்டுதான் வேலை செய்யும். நான்கைப் புல்வெளியில் குவித்தால் கடைசி ரவுண்டு முழுக்க நான்கும் வேலை செய்யும்.

இந்தக் கணக்குக்கு அடங்காத கார்டுகளும் உண்டு. அடிப்படைப் பெட்டியில் உள்ள இரண்டு அண்டங்காக்கைக் கார்டுகள் ஓடும்போது ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு விருப்பமான இரண்டு உணவைத் தரும். அதைப் புல்வெளியில் முதல் ரவுண்டிலேயே வைத்தால் முட்டை டர்னே உணவு டர்னாகவும் ஆகிவிடும்; காட்டைத் தொடவே வேண்டாம். மூன்று உணவு கேட்டாலும் தொடக்கக் கையில் வைத்துக்கொள்ளத் தகுந்த விதிவிலக்கு அது. அதே கார்டு மூன்றாம் ரவுண்டில் வந்தால் நாலைந்து பாயிண்ட் பறவை, அவ்வளவே. சில குழுக்கள் இவற்றைக் கட்டிலிருந்தே எடுத்துவிடுகின்றன, அதில் தப்பில்லை.

2020இல் வந்த ஓஷியானியா விரிவாக்கத்தின் போர்டில் ஆடுகிறீர்கள் என்றால் முட்டை வரிசை பலம் குறைந்திருக்கும், எந்த உணவுக்கும் ஈடாகச் செல்லும் தேன் வந்திருக்கும். ரவுண்டு முடிவில் செலவழிக்காத தேன் போய்விடும் என்பதால், மூன்றாம் ரவுண்டில் உணவைச் சேர்த்து வைக்கும் யோசனை தேனுக்குப் பொருந்தாது. கடைசி ரவுண்டில் ஒரு டர்னின் விலையையும் 5 என்று வைக்காமல், உங்கள் புல்வெளி அங்கே உண்மையில் எத்தனை முட்டை தருகிறது என்று எண்ணி, அந்த எண்ணோடு மேலே உள்ள கணக்கை மறுபடி போடுங்கள்.